"இன்னைக்கும் ஆடு வந்துடுச்சா?"

காலை பத்தேகாலுக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் இந்தக் கேள்வியை வேறு யாராவது எட்டிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அனுப்பியவர் ஒரு நிறுவனத்தின் சென்னைத் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் இளம்பெண். பெற்றவர் அதே நிறுவனத்தின் சங்கரன்கோவில் கிளையில் பல வருடங்களாக வேலை செய்பவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பழக்கமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆனாலும் கிளைக்காரர் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிடுகிறார். கணக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று நினைவூட்டத்தான் அந்தக் கேள்வி வந்திருக்கிறது என்பதும் அவருக்குப் புரிந்துவிடுகிறது.

இந்த இருவரும் விளக்கத்துக்காகப் படைத்துக்கொண்ட பாத்திரங்கள். அவர்களுடைய ஆட்டுக்கு இணையான ஏதோ ஒன்று பெரும்பாலான நட்புகளில் இருக்கும். ஒரு நாள் பேச்சில் தற்செயலாக விழுந்த ஒரு வேடிக்கை மறுநாளும் அதற்கடுத்த வாரமும் திரும்பத் திரும்பத் தலைகாட்டி, அந்த இருவருக்கு மட்டும் சொந்தமாகிவிடும். அது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பதைச் சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள்.

ஆட்டின் கதை

முதல் நாள் நடந்தது இது. மாதக் கணக்கு வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. சென்னைப் பெண் கேட்டதும் கிளையிலிருந்து பதில் வந்தது: "மன்னிக்கணும் மேடம். பில்லை எல்லாம் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடை வாசல்ல வச்சிட்டுச் சில்லறை எடுக்கிறதுக்குள்ள ஒரு ஆடு வந்து ரெண்டு பில்லைத் தின்னுடுச்சு. நிஜமாத்தான் சொல்றேன்."

"ஆடா?"

"ஆடுதான் மேடம். டீசல் பில்லு ரெண்டும் போச்சு."

அன்றைக்கு அவ்வளவுதான். இருவரும் சிரித்தார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். இந்தக் கட்டத்தில் அது ஒரு வேடிக்கையான சம்பவம் மட்டுமே. இப்படிப்பட்ட சம்பவங்களில் பெரும்பாலானவை அன்றோடு மறந்துபோகும்.

மூன்றாம் நாள் வேறொரு பட்டியல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து ஒரு வரி போனது: "இன்னைக்கு ஆடு லீவா மேடம்?" ஆடு தொடர்கதையானது இந்த வரியில்தான். முதல் நாள் சம்பவத்தைச் சொன்னவர் கிளைக்காரர். அதை எடுத்து வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்தவர் சென்னைப் பெண். நகைச்சுவையின் தரத்தில் பார்த்தால் அந்த வரியில் பெரிதாக ஒன்றும் இல்லை. "நீங்கள் சொன்னதை நான் கேட்டேன், மறக்கவில்லை" என்ற செய்தி அதற்குள் இருந்தது. நேரில் பழகாத ஒருவரிடமிருந்து அப்படி ஒரு செய்தி வரும் என்று கிளைக்காரர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஏழாம் நாள் நிலைமை தலைகீழானது. இந்த முறை தாமதம் சென்னையில். "இங்கயும் ஆடு வந்துடுச்சு மேடம், சர்வரைத் தின்னுட்டிருக்கு" என்று எழுதினார் இளம்பெண். பத்தாம் நாள் கிளைக்காரர் தானாகவே தொடங்கினார்: "நாளைக்கு ஆடிட்டர் வர்றாங்க. ஆட்டை இறுக்கிக் கட்டியாச்சும்மா." அந்த 'அம்மா'வுக்குப் பதிலாக இந்தப் பக்கத்திலிருந்து 'அக்கா' வந்தது. இரண்டாவது வார முடிவில் வாக்கியமே தேவைப்படவில்லை. கணக்கு தாமதமானால் ஓர் ஆட்டுப் பொம்மை மட்டும் வரும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

நாற்பது சொல் எட்டாகும் விதம்

இப்படிப் பேச்சு சுருங்கிக்கொண்டே போவதை ஆய்வகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் கிளார்க்கும் அவருடன் பணியாற்றிய டியானா வில்க்ஸ்-கிப்ஸும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு அது. சீன நாட்டு டான்கிராம் புதிரின் துண்டுகளால் ஆன பன்னிரண்டு உருவங்களை எடுத்துக்கொண்டார்கள். எந்த உருவத்துக்கும் பெயர் கிடையாது. இருவரைத் தடுப்புக்கு இருபுறமும் உட்காரவைத்து, ஒருவர் தன் முன்னால் இருக்கும் வரிசையைச் சொல்லச் சொல்ல மற்றவர் தன்னிடமுள்ள அட்டைகளை அதே வரிசையில் அடுக்கவேண்டும் என்றார்கள். இதையே ஆறு முறை செய்யவைத்தார்கள்.

முதல் சுற்றில் ஓர் உருவத்தை விளக்க, சொல்பவருக்குச் சராசரியாக நாற்பது சொற்களுக்கு மேல் தேவைப்பட்டது. பனிச்சறுக்கு ஆடுகிற ஆள் மாதிரி இருக்கிறது, ஆனால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்கிற பாணியில் விளக்கம் நீண்டது. ஆறாவது சுற்றில் எட்டுச் சொற்களே போதுமாக இருந்தன. அந்த உருவம் வெறும் 'பனிச்சறுக்கு ஆள்' ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பெயர் சூட்டவில்லை. ஒருவர் ஒரு வழியாகச் சொன்னார், மற்றவர் அதை ஏற்றுக்கொண்டார், அடுத்த சுற்றில் இருவரும் அந்த ஏற்பின் மேல் நின்று பேசினார்கள்.

ஆட்டுக்கு நடந்ததும் இதுதான். முதல் நாள் நான்கு வாக்கியம், மூன்றாம் நாள் ஒரு வாக்கியம், இரண்டாம் வாரம் ஒரு பொம்மை. சுருங்கச் சுருங்க அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கும் பழைய பேச்சின் அளவு கூடுகிறது. ஆகவே ஒரு தொடர் வேடிக்கை வளர்கிறதா என்று அறிய, அதைச் சொல்ல எத்தனை சொல் தேவைப்படுகிறது என்று பார்த்தாலே போதும். மூன்று வாரம் கழித்தும் ஒருவர் "அன்னைக்கு ஜெராக்ஸ் கடையில ஆடு பில்லைத் தின்னுச்சுன்னு சொன்னீங்கள்ல, அது மாதிரி" என்று முழுக் கதையையும் சொல்லவேண்டியிருந்தால், அது இன்னும் இருவருக்கும் பொதுவாகவில்லை.

எல்லா வேடிக்கையும் ஏன் நிலைப்பதில்லை

அந்த இரண்டு வாரத்தில் அவர்களுக்குள் வேறு பல வேடிக்கைகளும் வந்து போயிருக்கும். ஆடு மட்டும் ஏன் தங்கியது? இந்தக் கேள்விக்குப் பயன்படும் ஒரு பதிலை அமெரிக்கச் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1979-ல் எழுதினார். சிறுவர்களின் 'லிட்டில் லீக்' பேஸ்பால் அணிகளோடு கூடவே இருந்து அவர்களுடைய பேச்சையும் கேலியையும் பட்டப்பெயர்களையும் கவனித்தவர் அவர். ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு குட்டிப் பண்பாட்டை உண்டாக்கிக்கொள்வதைப் பார்த்தார். ஒரு வேடிக்கையோ வழக்கமோ அதற்குள் இடம்பிடிக்க ஐந்து தகுதிகள் வேண்டும் என்றார்.

முதலில் அதன் அடிப்படை இருவருக்கும் தெரிந்ததாக இருக்கவேண்டும். கடைவீதி ஆடு காகிதத்தைத் தின்னும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரண்டாவதாக, அதைக் கூச்சமில்லாமல் பேச்சில் பயன்படுத்த முடியவேண்டும். மூன்றாவதாக, அது ஏதாவது ஒரு வேலையைச் செய்யவேண்டும். "கணக்கு எங்கே?" என்று நேரடியாகக் கேட்டால் அதட்டலாகத் தொனிக்கும், ஆட்டைப் பற்றிக் கேட்டால் தொனிக்காது. ஐந்தாவதாக அவர் சொன்னது, தொடங்கிவைக்க ஒரு நிகழ்வு வேண்டும் என்பது. இங்கே அது டீசல் பில்.

நான்காவது தகுதியைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம், ஏனென்றால் அது கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியது. அந்த வேடிக்கை குழுவுக்குள் இருக்கும் மேல்-கீழ் ஒழுங்கோடு முட்டக்கூடாது என்றார் ஃபைன். ஆட்டின் கதையில் இந்த ஆபத்து இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் கிளையில் இருப்பவரின் தாமதத்தைக் கேலி செய்கிறார். இதுவே ஒருபக்கமாகப் போய்க்கொண்டிருந்தால், நான்காவது ஐந்தாவது தடவையில் கிளைக்காரருக்கு அது குத்தலாகப் பட்டிருக்கும். ஏழாம் நாள் சென்னைப் பெண் ஆட்டைத் தன் அலுவலகத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்ததால் அது நடக்கவில்லை. அதன் பிறகு ஆடு யாருடைய குறையையும் குறிக்கவில்லை. இருவர் வேலையையும் தின்னும் பொதுவான தொல்லையாக மாறிவிட்டது. பத்தாம் நாள் கிளைக்காரர் தானாகத் தொடங்கினார் என்றால், ஏழாம் நாள் நடந்ததே அதற்குக் காரணம்.

எவ்வளவு இடைவெளி?

மேடையில் தனியாக நின்று சிரிக்கவைக்கும் கலைஞர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் சொன்ன ஒன்றை, ரசிகர்கள் மறந்திருக்கும் நேரம் பார்த்து, வேறொரு பேச்சின் நடுவில் திரும்பக் கொண்டுவருவார்கள். அதற்கு 'கால்பேக்' என்று பெயர். ஆனால் மேடையில் எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரசிகர்களும் அதே ஆட்கள்தான். வாட்ஸ்அப்பில் நடுவே நாட்கள் போகின்றன. அதற்குள் எதிராளி வேறு இருபது பேரிடம் பேசியிருப்பார்.

அதனால் இடைவெளியில் இரண்டு விதமாகத் தவறலாம். அதே நாளில் மூன்று முறை ஆட்டைக் கொண்டுவந்தால் அது திரும்ப வருவதே இல்லை, போகாமலே நிற்கிறது. அசைபோடும் அந்த வேடிக்கை சாயங்காலத்துக்குள் சலித்துவிடும். மாறாக இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று "ஆடு எப்படியிருக்கு?" என்றால் எதிராளிக்குச் சட்டென்று பிடிபடாது. பிடிபடாத வேடிக்கையை விளக்கவேண்டும். விளக்கினால் அதில் மிச்சம் எதுவும் இருக்காது. நாட்கணக்கு எதையும் இதற்கு விதியாகச் சொல்ல முடியாது. பேச்சில் அதற்கான சந்தர்ப்பம் தானாக அமையவேண்டும் என்பதே முக்கியம். கணக்கு தாமதமாகும்போது ஆடு வந்தால் பொருத்தம். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆட்டை இழுத்துவந்தால், பேச விஷயம் இல்லாததால் இழுக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

நீண்ட இடைவெளி விழுந்துவிட்டால் ஒரு சின்னக் கைப்பிடி கொடுக்கவேண்டும். "டீசல் பில் ரெண்டு காணோம்னு ஆடிட்டர் கேக்கறார்க்கா, யாரைக் கைகாட்டறது?" என்றால் போதும். ஆடு என்ற சொல்லே அதில் இல்லை. எதிராளி தானே ஆட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி இடம் விடப்பட்டிருக்கிறது.

இங்கே கைப்பேசி ஒரு வசதியைக் கொடுத்து ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. பழைய செய்தியைத் தேடி எடுத்து, அதன் மேலேயே பதில் எழுதமுடியும். ஞாபகப்படுத்த இது உதவும். ஆனால் மூன்று வாரம் முன்பு ஒருவர் எழுதியதை அப்படியே நாள், நேரத்தோடு அவர் முன்னால் வைப்பது, "நீ சொன்னதுதானே, பார்" என்று சாட்சி காட்டுவது போலவும் ஆகிவிடலாம். நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போது வார்த்தை கொஞ்சம் மாறிவிடும். அந்த மாற்றம்தான் வேடிக்கை உயிரோடு இருப்பதற்கு அடையாளம். ஜெராக்ஸ் கடையில் பில்லைத் தின்ற ஆடு சர்வரைத் தின்னலாம், ஆடிட்டருக்காகக் கட்டப்படலாம். ஆடு மட்டும் மாறாமல் இருக்க, அது செய்யும் காரியம் ஒவ்வொரு தடவையும் மாறவேண்டும். வாட்ஸ்அப்பில் செய்திகள் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ தானாக மறையும்படி வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தச் சாட்சியே இருக்காது. முதல் நாள் உரையாடல் அழிந்த பிறகும் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

சிரிப்பு கெடும் இடங்கள்

சிரிப்பு வந்ததா இல்லையா என்பதை எழுத்தில் கண்டுபிடிப்பது கடினம். சிரிப்புப் பொம்மை எல்லோரும் பழக்கத்தில் போடுவதுதான். அதைவிட நம்பகமான அறிகுறி, எதிராளி ஏதாவது சேர்க்கிறாரா என்பது. "ஆடு லீவா?" என்றதற்கு "இல்லம்மா, அரை நாள் பெர்மிஷன்" என்று வந்தால் அவரும் விளையாட்டில் இருக்கிறார். வெறும் சிரிப்புப் பொம்மையும் உடனே வேறு பேச்சும் வந்தால், அன்றைக்கு அதோடு விட்டுவிடலாம். கடைசி ஐந்து தடவையில் யார் தொடங்கியது என்று மேலே தள்ளிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஐந்து தடவையும் ஒரே ஆள் என்றால் அந்த வேடிக்கை அவருக்கு மட்டும் சொந்தம். மற்றவர் மரியாதைக்குச் சிரிக்கிறார்.

நேரம் தெரியாமல் வருவது இன்னொரு விபத்து. ஒரு நாள் கணக்கு வரவில்லை. வழக்கம்போல ஆட்டுப் பொம்மை போகிறது. கிளைக்காரரோ தாயாரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறார். இதில் யார் மேலும் தவறில்லை, ஆனாலும் வலிக்கும். நேரில் என்றால் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும்; கைப்பேசியில் முகம் தெரியாது. வழக்கத்துக்கு மாறான தாமதம், வழக்கத்தைவிடச் சுருக்கமான பதில், காலை வணக்கம் வராதது என்று ஏதாவது ஒன்று பட்டால், முதலில் சாதாரணமாக விசாரிப்பதே நல்லது. தவறிப் போய்விட்டால், நீண்ட மன்னிப்புக் கடிதம் எதிராளிக்கு இன்னொரு சுமை. "அய்யோ தெரியாதுக்கா, அம்மா எப்படி இருக்காங்க? கணக்கை நான் பாத்துக்கறேன்" என்பது போதும். அதன் பிறகு ஆட்டைத் திரும்பக் கூப்பிடவேண்டியவர் கிளைக்காரர்தான். சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டால், பழைய நிலை திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது விபத்து, மூன்றாம் ஆள் முன்னால் நடப்பது. இருபது பேர் இருக்கும் அலுவலகக் குழுவில், மேலாளரும் படிக்கும் இடத்தில், "இன்னைக்கும் ஆடு வந்துடுச்சா?" என்று கேட்டால் என்ன ஆகும்? மற்றவர்கள் என்ன ஆடு என்று கேட்பார்கள். கிளைக்காரர் தன் பழைய தாமதத்தைக் கூட்டத்தில் விளக்கவேண்டிவரும். இருவருக்குள் பரிவாக இருந்தது கூட்டத்தில் புகாராகிவிடும்.

விளக்கினால் மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாமே என்று தோன்றலாம். அது அவ்வளவு எளிதல்ல என்பதைக் கிளார்க்கும் மைக்கேல் ஷோபரும் 1989-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு காட்டியது. அதே உருவம் அடுக்கும் விளையாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வார்த்தை விடாமல் ஒட்டுக்கேட்டவர்களும் அட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். பேச்சில் பங்கெடுத்தவர்களைவிட அவர்கள் அதிகம் தவறினார்கள். காதில் விழுந்த சொற்கள் இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஆனால் பங்கெடுத்தவரால் "எது, கை நீட்டியிருப்பதா?" என்று இடையில் கேட்டுத் தெளிய முடிந்தது, ஒட்டுக்கேட்டவரால் முடியவில்லை.

உரிமை எங்கிருந்து வருகிறது

கேலி செய்ய உரிமை வேண்டும் என்பதைத் தமிழ் வீடுகளுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. மச்சானும் மச்சானும், அத்தை மகனும் மாமன் மகளும், கொழுந்தியாளும் அத்தானும் கேலி பேசிக்கொள்ளலாம். பேசாவிட்டால்தான் என்ன கோபம் என்று கேட்பார்கள். இப்படி உறவுமுறையே கேலிக்கு அனுமதி கொடுப்பதை மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-ல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ஒருவர் கேலி செய்யலாம், மற்றவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அந்த உறவின் விதி என்றார்.

வாட்ஸ்அப்பில் அறிமுகமான இருவருக்கு அப்படிப் பிறவியிலேயே வந்த உரிமை எதுவும் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளவேண்டும். மூன்றாம் நாள் அனுப்பிய "ஆடு லீவா மேடம்?" உண்மையில் ஒரு சோதனை. கணக்கு முன்பே வந்துவிட்ட நாளில், அதாவது கிளைக்காரர் மேல் குறையே இல்லாத நாளில், 'மேடம்' என்ற மரியாதையோடு அது அனுப்பப்பட்டது. கணக்கு தாமதமான நாளில் முதல் கேலியைத் தொடங்கியிருந்தால் அது கண்டிப்பாகத் தொனித்திருக்கும்.

இப்படி நினைவுகூர்வது உண்மையில் நெருக்கத்தைக் கூட்டுகிறதா? அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டோரிஸ் பஸினி குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், காதல் உறவில் இருந்த ஜோடிகளைப் பிரித்து வெவ்வேறு விதமான பழைய தருணங்களைப் பேசச் சொன்னார்கள். இருவரும் சேர்ந்து சிரித்த தருணத்தை நினைவுகூர்ந்தவர்கள், தனியாகச் சிரித்ததையோ மகிழ்ச்சியான வேறு நிகழ்வையோ நினைவுகூர்ந்தவர்களைவிட உறவில் அதிகத் திருப்தி இருப்பதாகச் சொன்னார்கள். பேசி முடித்த உடனே அவர்களே சொன்ன பதில் அது. பல மாதம் கழித்து என்ன ஆனது என்று அது காட்டாது. ஆனால் வேடிக்கை எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைவிட யாரோடு சிரித்தோம் என்பது கணக்கில் வருகிறது என்பதை அது காட்டுகிறது.

கடல் கடந்த ஒரு கேலி

பல ஆண்டு நீண்ட ஒரு தொடர் வேடிக்கையை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது. நியூயார்க்கில் வசித்த எழுத்தாளர் ஹெலீன் ஹான்ஃப் 1949 அக்டோபரில் லண்டனின் சேரிங் கிராஸ் ரோடு 84-ம் எண்ணிலிருந்த 'மார்க்ஸ் அண்ட் கோ' பழைய புத்தகக் கடைக்குக் கடிதம் எழுதினார். கடைக்காக ஃபிராங்க் டோயல் பதில் எழுதினார். 'அன்புள்ள மேடம்' என்றுதான் தொடங்கினார். பெயருக்குப் பதில் தலைப்பெழுத்துகளை மட்டும் போட்டுக் கையொப்பமிட்டார்.

ஹான்ஃப் அந்த 'மேடம்' மரியாதையிலிருந்தே கிண்டலைத் தொடங்கினார். சில மாதத்தில் அவருடைய நிரந்தர வேடிக்கை உருவாகிவிட்டது: டோயல் ஒரு சோம்பேறி, அவர் கேட்ட புத்தகத்தைத் தேடாமல் லண்டனில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பது. பெரிய எழுத்துகளில் அதட்டல் போகும். டோயலோ அடக்கமான கடைக்காரர் பாணியில், தாமதத்துக்கு வருந்துகிறோம், இன்ன பதிப்பு கிடைத்திருக்கிறது, இன்ன விலை என்று பதில் எழுதுவார். அதட்டல் எவ்வளவு பலமோ, பதில் அவ்வளவு நிதானம். அந்த முரணே இருவருக்கும் விளையாட்டாகிவிட்டது.

அந்தக் கேலி புண்படுத்தாததற்குக் காரணம் அதன் கூடவே போன பொட்டலங்கள். போர் முடிந்தும் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு நீடித்த காலம் அது. 1949 டிசம்பரிலேயே ஹான்ஃப் கடை ஊழியர்கள் எல்லோருக்குமாக இறைச்சிப் பொட்டலம் அனுப்பத் தொடங்கினார். சோம்பேறி என்று திட்டுபவரே சாப்பாடும் அனுப்புகிறார் என்றால், திட்டு என்ன வகை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

1952-ன் தொடக்கத்தில் டோயல் முதல்முறையாக 'அன்புள்ள ஹெலீன்' என்று எழுதினார். கடிதங்களின் நகல் அலுவலகக் கோப்புக்குப் போவதால்தான் இதுவரை மரியாதைத் தொனியில் எழுதி வந்ததாகவும் விளக்கினார். மூன்றாம் ஆள் படிக்கும் இடம் என்ற பிரச்சினை அவருக்கும் இருந்திருக்கிறது. இன்னும் சில ஆண்டு கழித்து ஒரு கடிதத்தில் அவரே விளையாட்டைத் தொடங்கினார். அதிர்ச்சிக்குத் தயாராகுங்கள், கேட்ட மூன்று புத்தகமும் அனுப்பிவிட்டோம் என்கிற அர்த்தத்தில் எழுதினார். சோம்பேறிப் பட்டத்தை ஏற்றுக்கொண்டு, அதை வைத்தே ஹான்ஃபைச் சிரிக்கவைக்கும் வரி அது.

அவர்கள் சந்திக்கவே இல்லை. டோயல் 1968 டிசம்பரில் காலமானார். பிறகு அவருடைய மனைவி நோரா ஹான்ஃபுக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றை மறைக்காமல் சொன்னார். கணவர் அந்தக் கடிதங்களை அவ்வளவு ரசித்ததாலும், அவற்றில் சில அவருடைய நகைச்சுவை உணர்வைப் போலவே இருந்ததாலும், தனக்குச் சில சமயம் பொறாமையாக இருந்தது என்றார். ஒரே வீட்டில் இருந்தவருக்கும் அந்த விளையாட்டு வெளியே இருந்து பார்க்கவேண்டியதாகவே இருந்திருக்கிறது.

1970-ல் ஹான்ஃப் அந்தக் கடிதங்களைக் கடையின் முகவரியையே தலைப்பாக வைத்துப் புத்தகமாக்கினார். தேதி வரிசையில் கடிதங்கள் நிற்கின்றன. ஆசிரியர் குறுக்கிட்டு எதையும் விளக்குவதில்லை. மூன்று புத்தகம் அனுப்பிய அந்தக் கடிதத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் படித்தால், ஒரு கடைக்காரர் வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிவிப்பு என்றே தோன்றும். முதல் பக்கத்திலிருந்து அதட்டல்களையெல்லாம் படித்துக்கொண்டு வந்தவருக்குத்தான் அந்த இடத்தில் சிரிப்பு வருகிறது.